வெற்றித்தாள் ஏன் உதவவில்லை: செந்தூல் துணைவகுப்பில் ஒரு கற்ற கையறுநிலை நிகழ்வு

பின்னணி

கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில் செவ்வாய், வியாழன் இரவுகளில் இலவசத் துணைவகுப்பு நடக்கிறது. மூன்று ஆசிரியர்கள், பதினான்கு பிள்ளைகள். இந்த ஆய்வு அவர்களில் ஒரு மாணவியையும், என்ன செய்தாலும் பயனில்லை என்று பட்டறிந்து முயற்சியையே கைவிடும் கற்ற கையறுநிலையையும் பற்றியது. வயது 14, படிவம் 2. தாயார் துப்புரவுப் பணியில் இருக்கிறார், தந்தை லாரி ஓட்டுகிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை அவளுக்குக் கணிதம் நன்றாகவே வந்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே கணிதம் மலாய்மொழியில் வந்தது. படிவம் 1-இல் முதல் சில மாதங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். படித்த வாரமும் தோல்வி, படிக்காத வாரமும் தோல்வி. கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்பதே பிடிபடாததால், அவளுடைய உழைப்புக்கும் தாளில் விழுந்த புள்ளிக்கும் தொடர்பே இல்லாமல் போனது. இந்த ஒரு செய்திதான் முழு நிகழ்வுக்கும் திறவுகோல். அது எங்களுக்கு ஆறாவது வாரத்தில்தான் தெரிந்தது.

துணைவகுப்பில் சேர்த்தபோது தாயார் சொன்னது: “டீச்சர், அவளுக்கு மூளை இருக்கு. சோம்பேறித்தனந்தான். கொஞ்சம் அதட்டி வைங்க.”

முதலில் கண்டவை

அவள் கொண்டுவந்த அரையாண்டுத் தாளில் 25 கேள்விகளில் 18 வெற்றாக இருந்தன. தவறான விடைகூட எழுதப்படவில்லை. மையத்திலும் அதே கதை. தாளைக் கொடுத்ததும் பெயரும் தேதியும் அழகாக எழுதுவாள். முதல் கேள்வியைப் பார்ப்பாள். தெரிந்த வகையாக இருந்தால் செய்வாள். இல்லையென்றால் பென்சிலைத் தாளின்மேல் குறுக்காக வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொள்வாள். அழுகை இல்லை, எதிர்ப்பு இல்லை. கேட்டால் ஒரே பதில்: “எனக்கு மண்டையில ஏறாது டீச்சர்.”

சோம்பேறிப் பிள்ளை இப்படி நடந்துகொள்வதில்லை. அது நேரம் கடத்தும், பக்கத்துத் தாளைப் பார்க்கும், எதையாவது கிறுக்கி முடித்துவிட்டு ஓடப் பார்க்கும். இந்த அமைதிதான் எங்களை யோசிக்க வைத்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் அதை ‘அடிப்படை பலவீனம்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

முதல் முடிவு: எளிய தாள், நிறைய பாராட்டு

நம்பிக்கை குறைந்த பிள்ளைக்கு வெற்றியைக் கொடு, நம்பிக்கை தானே வரும் என்பது ஆசிரியர்களிடையே எழுதப்படாத விதி. அதன்படி ஐந்து வாரங்களுக்கு நான்காம், ஐந்தாம் ஆண்டு அளவிலான கணக்குகள் தமிழில் கொடுக்கப்பட்டன. பெரும்பாலும் பத்துக்குப் பத்து. ஒவ்வொரு தாளிலும் ‘கெட்டிக்காரி’ என்று சிவப்பு மையில் எழுதினோம். அவள் சிரித்தாள், தாயாரும் மகிழ்ந்தார்.

ஆறாவது வாரம் படிவம் 2 கணக்குகள் கலந்த தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. மூன்றாவது கேள்வியில் பென்சில் கீழே போனது. நான்காவதும் ஐந்தாவதும் அதற்கு முந்தைய வாரம் அவளே செய்த வகை. அவற்றையும் தொடவில்லை. ஒரு கேள்வியில் தடுக்கி விழுந்தவள் தெரிந்ததையும் கைவிட்டாள். ஐந்து வார வெற்றி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அன்றிரவு ஆசிரியர்களில் ஒருவர், கல்வி உளவியல் படித்தவர், இது புதிதல்ல என்றார். உளவியலாளர் கரோல் டுவெக் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், தோல்வி கண்டதும் முழுவதுமாகக் குலைந்துபோகும் பிள்ளைகள் 12 பேரை எடுத்து இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு 25 அமர்வுகளிலும் வெற்றி மட்டுமே. மறு பிரிவுக்கு ஒவ்வோர் அமர்விலும் சில தோல்விகள் திட்டமிட்டு வைக்கப்பட்டன. தோற்றதும், முயற்சி போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. பயிற்சிக்குப் பின் மீண்டும் தோல்வி வந்தபோது, வெற்றி மட்டும் கண்ட பிள்ளைகள் பழையபடியே குலைந்தார்கள். தோல்வியைக் கையாளப் பழகியவர்கள் தொடர்ந்து செய்தார்கள். நாங்கள் ஐந்து வாரம் செய்தது, அந்த முதல் பிரிவுக்குச் செய்ததைத்தான்.

நாய்களிடம் தெரிந்தது

இதன் வேரைப் பார்க்க 1967-க்குப் போக வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 24 நாய்களை எட்டெட்டாக மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவு நாய்களைத் தொட்டிலில் கட்டிவைத்து மின்னதிர்ச்சி கொடுத்தபோது, தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றது. இரண்டாம் பிரிவு நாய்களுக்கும் அதே அதிர்ச்சிதான், அதே நேர அளவுதான். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. ஒவ்வொரு முறையும் முதல் பிரிவு நாய்கள் நிறுத்தச் சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் கழிந்தபோதுதான் இவற்றுக்கும் நின்றது. மூன்றாம் பிரிவுக்கு இந்தக் கட்டம் கிடையாது.

ஒரு நாள் கழித்து எல்லா நாய்களும் நடுவே தோளளவு தடுப்பு உள்ள பெட்டியில் விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல் பிரிவும் மூன்றாம் பிரிவும் பெரும்பாலும் தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் பிரிவில் எட்டில் ஆறு நாய்கள் படுத்துக்கொண்டு, முனகியபடி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. வலியின் அளவு இரு பிரிவுக்கும் ஒன்றே. வேறுபட்டது, தன் செயலால் ஏதாவது மாறுகிறதா என்பது மட்டும்.

இந்த மூன்று பிரிவு அமைப்பில்தான் ஆய்வின் பலம் இருக்கிறது. துன்பப்பட்டதால் முடங்கியது என்று சொல்ல வழியில்லாமல் அது அடைத்துவிடுகிறது. ‘கையறுதல்’ என்ற நம் பழஞ்சொல்லும் செய்வதறியாது நிற்கும் நிலையைத்தான் குறிக்கிறது. கற்ற கையறுநிலை என்று தமிழில் எழுதும்போது பொருள் இயல்பாகவே பொருந்துகிறது.

எங்களுக்கு அதைவிடப் பயன்பட்டது அடுத்த ஆண்டு வந்த ஆய்வு. படுத்துவிட்ட நாய்களை எழுப்ப, தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். மறுபக்கம் இறைச்சியைப் போட்டு ஆசைகாட்டினார்கள். நகரவில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்து, மீண்டும் மீண்டும் மறுபக்கம் இழுத்துச் சென்ற பிறகே அவை தாமாகத் தாண்டத் தொடங்கின. தாண்டினால் அதிர்ச்சி நிற்கும் என்பதை உடலால் அனுபவிக்கும்வரை வேறு எதுவும் எடுபடவில்லை. நாங்கள் வைத்த எளிய தாள், மறுபக்கம் போட்ட இறைச்சிதான்.

2016-இல் மேயரும் செலிக்மனும் தங்கள் கொள்கையையே திருத்தினார்கள். நீண்ட துன்பத்தின் முன் முடங்குவது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை. மூளைத்தண்டின் ஒரு பகுதியில் உள்ள செரோட்டோனின் செல்கள் அதை இயக்குகின்றன. ‘என்னால் இதை மாற்ற முடிகிறது’ என்று முன்மூளை கண்டறியும்போதுதான் அந்த முடக்கம் அடக்கப்படுகிறது என்றார்கள். அதாவது கற்கப்படுவது கட்டுப்பாடுதான், கையறுநிலை அல்ல. வகுப்புக்கு இது முக்கியமான திருத்தம். பிள்ளையிடமிருந்து எதையோ அகற்ற வேண்டும் என்று தேடுவதை விட்டுவிட்டு, அவளுக்கு இன்னும் கிடைக்காத ஓர் அனுபவத்தை எப்படிக் கொடுப்பது என்று நாங்கள் கேட்கத் தொடங்கினோம்.

சோதித்துப் பார்த்தது

திறன் இல்லையா, அல்லது பயனில்லை என்ற எதிர்பார்ப்பா? இதைப் பிரித்தறிய ஏழாவது வாரத்தில் ஒரே ஆறு கணக்குகளை, எண்களை மட்டும் சற்று மாற்றி, மூன்று விதமாகக் கொடுத்தோம். வேறோர் ஆசிரியை தமிழில் கொடுத்தபோது ஐந்து சரி. வழக்கமான கணித ஆசிரியை மலாய்மொழியில் கொடுத்தபோது ஒன்றை மட்டும் முயன்றாள். மூன்றாவது தாளில் சொற்களே இல்லை, வெறும் எண்கள். ஆனால் மேலே பள்ளித்தாள் போல, பயிற்சி என்று பொருள்படும் ‘லாத்திஹான்’ என்ற மலாய்ச் சொல் அச்சிட்டிருந்தது. அதிலும் பாதியை விட்டுவிட்டாள்.

மொழி மட்டும் தடையாக இருந்திருந்தால் மூன்றாவது தாளைச் செய்து முடித்திருப்பாள். தாளின் தோற்றமே ‘இங்கே நான் செய்வது எடுபடாது’ என்பதற்கு அடையாளமாகியிருந்தது. 1973-இல் டுவெக்கும் ரெப்புச்சியும் இதையே கண்டார்கள்: ஒருவர் தீர்க்கவே முடியாத புதிர்களைத் தந்துகொண்டிருந்த பிறகு, அதே நபர் எளிய புதிர் தந்தாலும் பிள்ளைகள் பலர் அதைத் தீர்க்கவில்லை, அதற்கு ஒப்பானதை இன்னொருவர் தந்தபோது தீர்த்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் அந்த வாரத்தில் தெரியவந்தது. ஓர் ஆசிரியர் கைக்கடிகாரத்துடன் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தார். அவள் பென்சிலை வைத்த இருபது விநாடிக்குள் கணித ஆசிரியை அருகில் வந்து, பென்சிலை எடுத்து, வழியைப் போட்டுக் காட்டிவிடுகிறார். அன்பால் செய்ததுதான். ஆனால் யோசித்தாலும் உதவி வருகிறது, யோசிக்காவிட்டாலும் வருகிறது. அதிர்ச்சி தானாக நிற்பதற்கும் இதற்கும் பிள்ளையின் கண்ணில் வித்தியாசமில்லை.

இரண்டாம் முடிவு

முதலில், உண்மையிலேயே அவள் கையில் இல்லாத ஒன்றைச் சரிசெய்தோம். கேள்வியின் மொழி புரியாத பிள்ளையிடம் ‘முயற்சி செய்’ என்பது கொடுமை. கணிதத்தாளில் திரும்பத் திரும்ப வரும் மலாய்ச் சொற்கள் நாற்பதை அட்டைகளில் எழுதி, வகுப்புக்கு ஐந்தாகப் பழக்கினோம். பெஸா என்றால் வேறுபாடு, ஹாசில் டாராப் என்றால் பெருக்குத்தொகை, செத்தியாப் என்றால் ஒவ்வொன்றும். ‘பாக்கி’ அட்டை வந்தபோது அவளே நிமிர்ந்து, “இது நம்ம பாக்கிதானே டீச்சர்? கடைல பாக்கி வாங்குற பாக்கி?” என்றாள். சேர்ந்து ஏழு வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

பிறகு தாளின் அமைப்பு மாறியது. ஒரு தாளுக்கு பத்துக் கணக்கு. ஏழு அவளால் முடிந்தவை. மூன்று, முதல் முயற்சியில் தவறும், வழியை மாற்றினால் வரும் அளவுக்குக் கடினமானவை. அவற்றை மூன்றாவது, ஆறாவது, எட்டாவது இடங்களில் வைத்தோம். கடைசியில் வைத்தால் களைப்பு என்று காரணம் சொல்லலாம், வகுப்பும் தோல்வியில் முடியும். முதலிலேயே வைத்தால் தாளே மூடிவிடும்.

டுவெக்கின் முறையை ஓரிடத்தில் மாற்றினோம். ‘இன்னும் முயற்சி செய்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தைப் பயன்படுத்தவில்லை. படிவம் 1-இல் உண்மையிலேயே முயன்று தோற்றவள் அவள். அவளிடம் அப்படிச் சொன்னால், ‘முயன்றும் வரவில்லை, அப்படியானால் எனக்கு மூளை இல்லை’ என்ற முடிவுக்குத்தான் போவாள். ஆகவே முயற்சியின் அளவைப் பேசாமல் வழியைப் பேசினோம். ஆசிரியர் பென்சிலைத் தொடக்கூடாது. தொண்ணூறு விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். தாளின் வலப்பக்கத்தில் ‘எதை மாற்றினேன்’ என்று ஒரு பத்தி.

எட்டாவது வார வியாழன் தாளின் மூன்றாவது கணக்கு: தொட்டியில் 48 லிட்டர் தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு செலவானது. மீதியில் கால் பங்கு ஒழுகிவிட்டது. பாக்கி எவ்வளவு? அவள் 48-இல் மூன்றில் ஒன்று 16, கால் பங்கு 12 என்று எடுத்து, 20 என்று எழுதினாள். ஆசிரியை, “இந்த வழி பாதி தூரம் சரி. ஒழுகுறப்போ தொட்டியில எவ்வளவு இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டு நின்றார். பென்சில் கீழே போனது. நீண்ட அமைதி. பிறகு ஒரு கட்டம் வரைந்து மூன்றாகப் பிரித்தாள். ஒன்றை அடித்தாள். மிஞ்சிய இரண்டையும் குறுக்கே பாதியாக்கினாள்; நான்கு துண்டு, துண்டுக்கு 8. ஒன்றை அடித்தாள். 24. வலப்பக்கத்தில் எழுதியது: ‘மொத்தத்த பாக்கல, பாக்கிய பாத்தேன்.’

பள்ளியின் கணித ஆசிரியரையும் சந்தித்தோம். விடை தவறினாலும் வழிமுறைக்கு, பிள்ளைகள் ‘ஜாலான் கிரா’ என்று சொல்வதற்கு, பயிற்சிகளில் புள்ளி காட்டும்படி கேட்டோம். ஒப்புக்கொண்டார்.

இடையில் வந்த மனச்சோர்வு

ஒன்பதாவது வாரம் அவள் பேச்சில் ஒரு மாற்றம். ‘கணக்கு வராது’ என்றிருந்தது, ‘நான் எதுக்குமே லாயக்கில்ல’ என்றானது. 1978-இல் ஆப்ராம்சன், செலிக்மன், டீஸ்டேல் மூவரும் கொள்கையை மனிதர்களுக்காக விரித்தபோது, தோல்விக்கு ஒருவர் சொல்லும் காரணத்தில் மூன்றைக் கவனிக்கச் சொன்னார்கள்: காரணம் தன்னிடமா வெளியிலா, நிலையானதா மாறுவதா, ஒரு துறைக்கு மட்டுமா எல்லாவற்றுக்குமா. ‘மண்டையில ஏறாது’ என்பது தன்னிடம் உள்ள, நிலையான காரணம். ஆனால் கணிதத்தோடு நின்றது. அது எல்லாவற்றுக்கும் பரவும் இடத்தில் கையறுநிலை மனச்சோர்வை நெருங்குகிறது.

இதைக் குறித்துவைத்தோம், ஆனால் உடனே எதுவும் செய்யவில்லை. கணக்கில் முன்னேற்றம் தெரிந்ததால் தானே சரியாகும் என்று நினைத்தோம். அது பிழை. பதினோராவது வாரம் தாயாரிடம் பேசியபோது, அவள் ஒரு மாதமாகப் பள்ளி விட்டு வந்ததும் இருட்டும்வரை தூங்குகிறாள், சாப்பாட்டை ஒதுக்குகிறாள், பூப்பந்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்பது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆர்வம், தூக்கம், பசி மூன்றும் மாறியிருந்தால் அது துணைவகுப்பின் வேலை அல்ல.

அன்றே ஓர் ஆசிரியை தனியே அமர்ந்து, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேரடியாகக் கேட்டார். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு, அது தவறு. இல்லை என்றாள், பிறகு அழுதாள். அந்த வாரமே தாயார் அரசாங்கச் சுகாதார மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பதின்ம வயதினருக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 12 வந்தது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். மருந்து கொடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசனையும், பள்ளி ஆலோசக ஆசிரியரின் கண்காணிப்பும் ஏற்பாடானது.

கணிதத்தில் வந்த கையறுநிலை மனச்சோர்வைக் கொண்டுவந்ததா, உள்ளே இருந்த சோர்வு கணிதத்தில் முதலில் தெரிந்ததா என்பதை இந்த ஒரு நிகழ்வை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டும் ஒன்றும் அல்ல. முயற்சியின்மை இரண்டிலும் உண்டு. ஆனால் தூக்கமும் பசியும் குலைவதைத் தாளின் அமைப்பை மாற்றிச் சரிசெய்ய இயலாது.

விளைவு

மூன்று மாதத்துக்குப் பின் அந்தப் படிவத்தில் 5. பூப்பந்துக்குத் திரும்பினாள். ஆண்டிறுதித் தாளில் வெற்றாக விட்ட கேள்விகள் நான்கு. புள்ளி 14-இலிருந்து 41. தவறான விடைகள் நிறைய இருந்தன. எங்களைப் பொறுத்தவரை அதுதான் நல்ல செய்தி. தவறான விடை என்றால் முயன்றிருக்கிறாள்.

மாறாதவையும் உண்டு. அறிவியலிலும் வரலாற்றிலும் வெற்றுத்தாள் தொடர்ந்தது. கணிதத்தில் கிடைத்த கட்டுப்பாடு தானாக மற்ற பாடங்களுக்குப் போகவில்லை. ஆலோசனை, அட்டைகள், தாளமைப்பு மூன்றும் ஒரே காலத்தில் நடந்ததால், எதன் பங்கு எவ்வளவு என்றும் பிரிக்க முடியவில்லை.

மாற்றிக்கொண்டவை

பெயர் எழுதிவிட்டு வெற்றுத்தாள் தரும் பிள்ளைக்கு இப்போது முதல் வாரத்திலேயே மூன்று தாள் சோதனை நடக்கிறது. ‘கெட்டிக்காரி’ நின்றுவிட்டது, அவள் மாற்றிய வழியைக் குறித்து ஒரு வரி எழுதுகிறோம். எல்லாத் தாள்களிலும் ‘எதை மாற்றினேன்’ பத்தி உண்டு. அதில் ‘நல்லா யோசிச்சேன்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் ஏற்பதில்லை, என்ன செய்தாய் என்று கேட்கிறோம். ‘கணக்கு வராது’ என்ற பேச்சு ‘எதுவும் வராது’ என்று மாறும் நாளில், அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசி. தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றையும் பற்றிக் கேட்கிறோம்.

கணித ஆசிரியை இப்போது வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பிள்ளைகளின் மேசைக்கருகே நிற்கிறார். தொண்ணூறு விநாடி மிக நீளமானது என்கிறார்.